அரபியில் அத்தை மகன் யார்?

‘கஸின்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு அரபியில் எட்டுச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டியவை ஆறுதான். தந்தையின் சகோதரர் ‘அம்ம்’, தந்தையின் சகோதரி ‘அம்மா’. தாயின் சகோதரர் ‘கால்’, தாயின் சகோதரி ‘காலா’. இவற்றின் முன் மகனுக்கு ‘இப்னு’, மகளுக்கு ‘பின்த்’ சேர்த்தால் எட்டு உறவும் கிடைத்துவிடும்.

அத்தையைக் குறிக்கும் ‘அம்மா’ எழுத்தில்தான் நம் அம்மாவைப் போல் இருக்கிறது. அதன் முதல் ஒலி தொண்டையின் அடியிலிருந்து அழுத்தி எழும்பும். அரபியில் தாய்க்குச் சொல் ‘உம்ம்’. ‘கால்’ என்பதன் முதல் ஒலியும் தமிழ் ககரம் அல்ல; தொண்டையை உரசி வருவது.

பெரியப்பா, சித்தப்பா என்ற வயது வேறுபாடு அரபியில் இல்லை, இருவருமே ‘அம்ம்’தான். அத்தை கணவரையும் தாய்மாமனையும் நாம் மாமா என்றே அழைப்போம். அரபியில் ‘கால்’ தாயின் உடன்பிறந்தவர் மட்டுமே. அத்தை கணவர் ‘ஸவ்ஜுல் அம்மா’, அதாவது அத்தையின் கணவர்.

ஓரளவு அரபி படித்தவர்களும் தடுமாறுவது ‘என்’ என்று சேர்க்கும்போதுதான். ‘என் சித்தப்பா மகன்’ என்பது ‘இப்னு அம்மீ’. ‘என் அத்தை மகன்’ என்பது ‘இப்னு அம்மத்தீ’. பெண்பாற் சொல்லின் இறுதியில் மறைந்திருக்கும் தகரம், பின்னால் இன்னொரு சொல்லோ விகுதியோ வந்து சேரும்போது வெளிப்படும். அதை விட்டுவிட்டால் அத்தை மகன் சித்தப்பா மகனாகிவிடுவார். ‘இப்னு காலீ’, ‘இப்னு காலத்தீ’ என்பவற்றிலும் அப்படியே.

இஸ்லாமிய வரலாற்றில் நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். நபிகள் நாயகத்தின் தந்தை அப்துல்லாஹ்வும், அலி அவர்களின் தந்தை அபூதாலிபும் அண்ணன் தம்பியர். எனவே இருவரும் ஒருவருக்கொருவர் ‘இப்னு அம்ம்’. இப்னு அப்பாஸின் தாயும் காலித் பின் வலீதின் தாயும் சகோதரிகள். இவர்கள் ஒருவருக்கொருவர் ‘இப்னு காலா’.

ஆனால் ஸுபைர் அவர்களின் தாய் ஸஃபிய்யா, அப்துல்லாஹ்வின் சகோதரி. ஆகவே நபிகளுக்கு ஸுபைர் ‘இப்னு அம்மா’. ஸுபைருக்கு நபிகள் ‘இப்னு கால்’. இங்கே மட்டும் சொல் இரு பக்கமும் ஒன்றாக இல்லை.

தமிழருக்கு இது புதிதல்ல. சொல் மாறாத உறவுகளை நாம் அண்ணன் தம்பி என்கிறோம். சொல் மாறும் உறவுதான் நமக்கு அத்தை மகன், மாமன் மகன். எனவே உறவைச் சொல்லும் முன், நடுவிலுள்ள பெற்றோர் இருவரும் ஆணும் பெண்ணுமா என்று பாருங்கள். அப்படியானால், உங்கள் பக்கம் ‘அம்மா’ என்றால் எதிர்ப்பக்கம் ‘கால்’ என்று துணிந்து சொல்லலாம்.