பவர் பேங்கின் முதுகில் எழுதியிருக்கும் கணக்கு

பவர் பேங்கின் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைவிட, அதன் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளே உண்மைக்கு நெருக்கமானவை. ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு பவர் பேங்கில் அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Battery: 20000mAh 3.7V 74Wh
Rated Capacity: 12000mAh (5V 3A)
Output: 5V 3A / 9V 2.22A
```

முதல் வரியில் வரும் 20,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் கொள்ளளவு. அந்தச் செல்கள் சராசரியாக 3.7 வோல்ட்டில் இயங்குபவை. 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. உள்ளே தேங்கியிருக்கும் மொத்த ஆற்றல் இதுதான். விமானத்தில் 100 வாட்-மணி வரையுள்ள பவர் பேங்கைப் பொதுவாகத் தனி அனுமதியின்றிக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்பதால், பாதுகாப்புச் சோதனையிலும் இந்த எண்ணையே பார்ப்பார்கள்.

யு.எஸ்.பி. துளையிலிருந்து வெளிவருவதோ 5 வோல்ட். செல்லின் வோல்ட்டேஜை அந்த அளவுக்கு உயர்த்துவது உள்ளிருக்கும் சர்க்யூட்டின் வேலை. வோல்ட்டேஜ் கூடினால் எம்.ஏ.எச். குறைந்தாக வேண்டும். 74 வாட்-மணியை 5 வோல்ட்டால் வகுத்தால் 14,800 எம்.ஏ.எச்.தான் வருகிறது. சர்க்யூட் சூடாவதில் வீணாவதையும் கழித்துத் தயாரிப்பாளர் உறுதி சொல்லும் அளவே இரண்டாவது வரியில் உள்ள 12,000. இதை 5 வோல்ட்டால் பெருக்கினால் 60 வாட்-மணி, அதாவது மொத்தத்தில் 81 சதவீதம். 80 முதல் 90 சதவீதம் வரை வெளிவந்தால் அது நல்ல பவர் பேங்க். 20,000 என்று வாங்கியது 12,000 மட்டுமே தருகிறது என்பதற்காக அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.

வாட்-மணியும் `Rated Capacity` வரியும் இல்லாமல் பெரிய எண் மட்டும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்று எண்களும் இருந்து, பெருக்கிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலும் அப்படியே. இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்கில் பி.ஐ.எஸ். முத்திரையும் அதனுடன் R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை BIS Care செயலியில் இட்டால் அது யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று தெரியும். முதுகில் உள்ள பிராண்டும் செயலி காட்டும் பிராண்டும் வேறுவேறாக இருந்தால் எண் இரவல் வாங்கப்பட்டது என்று கொள்ளலாம்.

எழுத்தை யாரும் எப்படியும் அச்சிடலாம். எடையில் ஏய்ப்பது அதைவிடக் கடினம். இன்றைய நல்ல லித்தியம் செல்லில் ஒரு கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி அடங்கும். அந்தக் கணக்கில் 74 வாட்-மணிக்குச் செல்கள் மட்டுமே 300 கிராம் அளவில் இருக்க வேண்டும். 20,000 என்று எழுதிய பவர் பேங்க் சமையலறைத் தராசில் 160 கிராம்தான் காட்டினால் எழுதியது பொய். ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே பொருள் உண்மையாகிவிடாது. எடைக்காக மணல் நிரப்பிய போலிகளும் பிடிபட்டிருக்கின்றன.

உறுதியாக அறிய யு.எஸ்.பி. மீட்டரும், சீராக 1 ஆம்பியர் இழுக்கும் ஒரு லோடும் வேண்டும். பவர் பேங்கை முழுக்க சார்ஜ் செய்து, மீட்டரைப் பூஜ்யமாக்கி, அது தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். போனையே லோடாக வைத்தால் கணக்கு தவறும். போன் நிறையும்போது மின்னோட்டம் குறைந்துகொண்டே போய், பவர் பேங்க் பாதியிலேயே அணைந்துவிடக்கூடும்.

அந்த 160 கிராம் பவர் பேங்க் இந்தச் சோதனையில் 26 வாட்-மணி தந்ததாக வைத்துக்கொள்வோம். வீணாவதற்கு இடம்விட்டு 0.85ஆல் வகுத்தால் உள்ளே இருப்பது சுமார் 30.6 வாட்-மணி. அதை 3.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8,300 எம்.ஏ.எச். எழுதியிருக்கும் 20,000-த்தில் பாதிகூட இல்லை. மீட்டரில் எம்.ஏ.எச். எண்ணும் ஓடும், ஆனால் 9 வோல்ட் வேகச் சார்ஜில் அந்த எண் இன்னும் சிறிதாகும் என்பதால், ஒப்பிட வாட்-மணியே ஏற்றது. மலிவான மீட்டர்களில் சில சதவீதம் பிழை இருக்கும். பழைய பவர் பேங்கில் செல்களும் தேய்ந்திருக்கும். எனவே பத்து சதவீதக் குறைவைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பாதியாகக் குறைந்தால் தேய்மானத்தைக் காரணம் காட்ட முடியாது, அதுவும் புதுப் பொருளில்.