தங்கச்சிக்கு எக்ஸாம், உங்க பர்ஸுக்கும்தான்: மாலை 5 மணி, இரவு 11 மணி கணக்கு

பட்ஜெட் வீடியோல சாப்பாட்டுச் செலவை ஒரே வரியா முடிச்சிட்டேன். ஆனா அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு இருக்குன்னு என்கூட வேலை பார்க்கிற ஜூனியர் ஒருத்தரோட கணக்கைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது.

அவருக்குச் சம்பளம் 28,000. சென்னையில சின்ன வாடகை வீடு. சி.ஏ. இன்டர் எழுதுற தங்கச்சி கடைசி ஒரு மாசம் படிக்க அவர்கூட வந்து தங்கினாங்க. "மூணு வேளையும் வீட்லதான் சார் சமைக்கிறோம், ஆனா காசு எங்க போகுதுன்னே தெரியல"ன்னார். யூபிஐ ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தோம். மாலையில பப்ஸ், டீ, பிஸ்கட்னு தினமும் ஒரு 50 ரூபாய். அது மாசத்துக்கு 1,500. ராத்திரி 11 மணிக்குப் பசிக்குதுன்னு வாரத்துக்கு மூணு தடவை ஆப்ல ஆர்டர், தடவைக்கு 180 ரூபாய். நாலு வாரத்துக்கு 2,160. மொத்தம் 3,660 ரூபாய், அதுவும் மூணு வேளை சாப்பாட்டைச் சேர்க்காம!

காசை விட எனக்கு உறுத்தினது வேற. அந்தப் பொண்ணு 5 மணிக்குச் சாப்பிட்டும் ஆறரைக்கெல்லாம் தூக்கம் வருதுன்னு சொல்லியிருக்கு. மைதாவும் சர்க்கரையும் சீக்கிரம் செரிச்சு ரத்தத்துல சர்க்கரையைச் சட்டுனு ஏத்தும், அப்புறம் இறக்கிவிடும். ஒரு மணி நேரத்துல சோர்வு, திரும்பவும் பசி. படிக்கிற பிள்ளைக்குச் சாயங்காலம் போச்சுன்னா அன்னிக்குப் பாதி போர்ஷன் போச்சு.

அதனால மூணு வேளைச் சமையலைத் தொடவே இல்லை. இந்த ரெண்டு ஓட்டையை மட்டும் அடைச்சோம்.

மாலைக்குச் சுண்டல். ஒரு ஆளுக்கு 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை, அதாவது ஒரு சின்ன கைப்பிடி. புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறதால மெதுவா செரிக்கும், ராத்திரி சாப்பாடு வரைக்கும் தாங்கும். காலைல ஆபீஸ் கிளம்பும்போது ஊற வெச்சிடுங்க. நாலரை மணிக்கு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியும் உப்பும் சேர்த்து குக்கர்ல அஞ்சு விசில். கடுகு, கறிவேப்பிலை தாளிக்க ரெண்டு நிமிஷம். குக்கர் பாட்டுக்கு வேகும், அவங்க அந்த நேரம் ஒரு கணக்கைப் போட்டு முடிச்சிடலாம். விரல்ல அழுத்தினா மசியணும். நடுவுல கெட்டியா இருந்தா இன்னும் ரெண்டு விசில் விடுங்க, இல்லன்னா வயிறு உப்பிக்கும். ஊற வைக்க மறந்துட்டீங்களா? அன்னிக்குப் பச்சைப்பயறு. ஊறாமலே நாலு விசில்ல வெந்துடும்.

இங்க ஒரு தப்பு நடந்துச்சு. நேரம் மிச்சம்னு காலைலயே தேங்காய் போட்டுச் சுண்டல் செஞ்சு வெளியில வெச்சிட்டாங்க. சென்னை வெயில்ல அஞ்சு மணிக்குப் பிசுபிசுன்னு, லேசா புளிச்ச வாடை. அப்படி இருந்தா யோசிக்காம கொட்டிடுங்க. ஃபிரிட்ஜ் இருந்தா வேக வெச்சது மூணு நாள் வரும், தேங்காய் மட்டும் சாப்பிடும்போது போடுங்க. ஃபிரிட்ஜ் இல்லன்னா அன்னன்னிக்கு வேக வைக்கிறதுதான் வழி.

ராத்திரிக்கு ராகிக் கஞ்சி. ரெண்டு மூணு ஸ்பூன் மாவை முதல்ல பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சுக்கணும். அப்புறம் அடுப்புல வெச்சு, கைவிடாம எட்டு நிமிஷம் கிளறணும். பச்சை வாசம் போனதும் இறக்கி, ஆறினப்புறம் மோர், உப்பு. வயித்துக்குக் கனமா இருக்காது. ராத்திரி டீயை நிறுத்தினதுல அந்தப் பொண்ணு முதல் ரெண்டு நாள் அண்ணன்கிட்ட பேசவே இல்லையாம்!

காலையில இட்லிக்கு ஒரு முட்டை. இட்லிப் பானையோட அடித் தண்ணியிலேயே முட்டையைப் போட்டுட்டா, 12 நிமிஷத்துல ரெண்டும் ரெடி. தனி கேஸ் இல்லை, தனி நேரமும் இல்லை.

இப்போ கணக்கு. எங்க தெருக் கடை விலைக்கு, 30 நாளுக்கு: கடலை ஒன்றரை கிலோ 150, ராகி மாவு 60, மோருக்குத் தயிர் 300, முட்டை 210, தினம் ஒரு வாழைப்பழம் 180, எண்ணெய், தேங்காய், தாளிக்கிற சாமான் 150. மொத்தம் 1,050. மிச்சம் 2,610 ரூபாய். உங்க ஊர் விலை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், ஆனா வித்தியாசம் பெருசா மாறாது. அந்த மிச்சத்துல ஞாபக சக்திக்குன்னு மால்ட் பவுடர் டப்பா வாங்கிடாதீங்க. பின்னாடி இருக்கிற பட்டியலைப் படிச்சுப் பாருங்க, சர்க்கரை எத்தனாவது இடத்துல இருக்குன்னு தெரியும்.

இதுவரைக்கும் கடலையே சாப்பிடாத பிள்ளைக்கு எக்ஸாம் வாரத்துல புதுசா ஆரம்பிக்காதீங்க, கேஸ் பிடிச்சுக்கும். ரெண்டு வாரம் முன்னாடியே பாதி அளவுல ஆரம்பிச்சுப் பழக்குங்க. பரீட்சை அன்னிக்குக் காலைல ஹாலுக்குப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, வழக்கமா சாப்பிடுற அதே இட்லி, அதே சட்னி. அன்னிக்கு நீங்க ஆபீஸ் ஓடணும், சமைக்க முடியலன்னா தெருமுனை மெஸ்ல சூடா வாங்கிக் குடுங்க. அந்த 40 ரூபாயை நான் வீண் செலவுல சேர்க்க மாட்டேன்.