ஆட்டைத் திரும்பக் கொண்டுவரும் படகு

ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் மூன்றையும் ஒருவர் அக்கரை சேர்க்க வேண்டும். படகில் அவரோடு ஒன்றுக்குத்தான் இடம். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் ஓநாய் ஆட்டைத் தின்றுவிடும், ஆடு கோஸைத் தின்றுவிடும். யார்க் நகரத்து அல்குவின் தொகுத்ததாகக் கருதப்படும் பழைய லத்தீன் புதிர்த் தொகுப்பிலேயே இது இருக்கிறது. நம் ஊரில் இதையே புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று போடுவோம்.

பலரும் இதில் யோசித்து யோசித்துச் சிக்கிக்கொள்கிறார்கள். யோசிப்பதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆள், ஓநாய், ஆடு, கோஸ் ஆகிய நான்கும் எந்தெந்தக் கரையில் என்பதே ஒரு ‘நிலை’. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை என்பதால் மொத்தம் 16 நிலைகள். இவற்றில் ஆள் இல்லாத கரையில் ஆட்டோடு ஓநாயோ கோஸோ நிற்கும் நிலைகள் 6. அவற்றை அடித்துவிட்டால் மீதி 10.

இனி ஒரு தாளில் தொடக்க நிலையை எழுதுங்கள். அதிலிருந்து ஒரே பயணத்தில் எட்டக்கூடிய பாதுகாப்பான நிலைகளை அடுத்த வரியில் எழுதுங்கள். அந்த வரியில் உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் எட்டக்கூடியவற்றை அதற்கடுத்த வரியில். ஒரு கட்டாய விதி: ஏற்கெனவே தாளில் இருக்கும் நிலையை மறுபடி எழுதக்கூடாது. இந்த விதியை விட்டால் ஆட்டை அங்கும் இங்கும் ஏற்றி இறக்கி முடிவே இல்லாமல் சுற்றுவோம்.

இக்கரையில் இருப்பதை மட்டும் எழுதினால் தாள் இப்படி வரும்:

```
0: ஆள் ஓநாய் ஆடு கோஸ்
1: ஓநாய் கோஸ்
2: ஆள் ஓநாய் கோஸ்
3: கோஸ்           /  ஓநாய்
4: ஆள் ஆடு கோஸ்   /  ஆள் ஓநாய் ஆடு
5: ஆடு
6: ஆள் ஆடு
7: (யாரும் இல்லை)
```

மூன்றாம் வரியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஓநாயை முதலில் கொண்டுபோகலாம், கோஸையும் கொண்டுபோகலாம். நான்காம் வரிதான் மனிதர்கள் தடுக்கி விழும் இடம். அக்கரை சேர்ந்த ஆட்டை மறுபடி இக்கரைக்கே கொண்டுவர வேண்டும். கரை சேர்த்ததைத் திருப்பி எடுப்பது தோல்விபோலத் தோன்றுவதால் அந்த வழியை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. தாளுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அதற்கு அது இதுவரை எழுதாத ஒரு நிலை, அவ்வளவுதான். ஐந்தாம் வரியில் இரண்டு கிளைகளும் ஒரே நிலையில் சேர்ந்துவிடுகின்றன.

வரி வரியாகத் தேடியதால், இறுதி நிலை ஏழாம் வரிக்கு முன்பு எங்கும் வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே 7 பயணத்துக்குக் குறைவாக முடியாது. 7 பயணத்தில் முடிக்க இரண்டே வழிகள்.

புதிரில் ஓநாய் கோஸையும் தின்னும் என்று மாற்றிப் பாருங்கள். எதை ஏற்றினாலும் கரையில் ஆபத்தான ஜோடி மிஞ்சும். முதல் வரியில் எழுத ஒரு நிலையும் இருக்காது. இறுதி நிலை வராமலே தாளில் எழுத எதுவும் மிஞ்சாவிட்டால், அந்தப் புதிருக்கு விடையே இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம்.