காலை ஏழு மணி அறிக்கை யாருக்கு?

மென்பொருள் எழுதும் குழுக்களில் ஒருவர் செய்த மாற்றம் நேரடியாக மூல நிரலில் சேர்ந்துவிடாது. 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். சக ஊழியர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இந்தக் கோரிக்கைக்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட். பார்க்க ஆளில்லாமல் சில கோரிக்கைகள் வாரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கப் பல குழுக்கள் தினமும் காலையில் தானே ஓடும் ஒரு சிறு நிரலை வைத்திருக்கின்றன. அது தரும் அறிக்கை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் எல்லோரும் செய்வது மின்னஞ்சல். லினக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், நிரல் எதையாவது அச்சிட்டால் அதை அப்படியே அஞ்சலாக அனுப்பிவிடும். அஞ்சல் வசதி மட்டும் அமைந்திருந்தால் போதும். அஞ்சலில் வரும் ஒரு வரி இப்படி இருக்கலாம்:

```
#482 | Fix: login | retry | 6 நாள்
```

படிப்பவருக்கு இது போதும். 482ஆம் கோரிக்கை ஆறு நாளாக அசையவில்லை என்று புரிந்துவிடும். சில மாதம் கழித்து, 'இதை வைத்து வாராந்திர வரைபடம் போடலாமே' என்று யாராவது கேட்பார்கள். அஞ்சல் வரியைச் செங்குத்துக் கோட்டில் வெட்டி எடுக்க ஒரு நிரல் எழுதப்படும். எண், தலைப்பு, நாள் என்று மூன்று துண்டு வர வேண்டிய இடத்தில் மேலே உள்ள வரி நான்கு துண்டாகும்; தலைப்புக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது. நாள் இருக்க வேண்டிய இடத்தில் 'retry' வந்து நிற்கும். 'நாள்' என்பதை யாரோ 'நாட்கள்' என்று திருத்தினாலும் வெட்டும் நிரல் தடுமாறக்கூடும்.

கருவிகளுக்கு வேண்டியது ஒவ்வொரு தகவலுக்கும் பெயரிட்ட வடிவம். ஜேசன் அத்தகையது. கிட்ஹப்பின் கட்டளைக் கருவி அதை நேரடியாகத் தரும்:

```
gh pr list --limit 200 --json number,title,updatedAt
```

அதே கோரிக்கை இப்போது இப்படி வரும்:

```
{"number":482,"title":"Fix: login | retry","updatedAt":"2025-03-03T18:40:00Z"}
```

தலைப்பு மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதால் உள்ளே எந்தக் குறி வந்தாலும் பாதகமில்லை. 'ஆறு நாள்' என்ற கணக்கும் இதில் இல்லை. கடைசியாக மாறிய நேரம் மட்டுமே இருக்கிறது. இறுதியில் உள்ள Z, அது உலகப் பொது நேரம் என்பதைச் சொல்கிறது. இந்திய நேரப்படி அது மார்ச் 4, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். மார்ச் 10 காலை ஏழு மணிக்கு நிரல் ஓடினால் நம் நாட்காட்டிப்படி ஆறு நாள்; உலகப் பொது நேரத் தேதிகளைக் கழித்தால் ஏழு நாள். 'ஏழு நாள் ஆனால் எச்சரிக்கை' என்ற விதி ஒரு கணக்கில் மணி அடிக்கும், இன்னொன்றில் அடிக்காது. மூல நேரம் கையில் இருந்தால் விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 'ஆறு' என்ற எண்ணிலிருந்து நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

எந்த வடிவமானாலும் மறைந்திருக்கும் ஒரு பள்ளம் உண்டு. மேலே உள்ள கட்டளையில் `--limit` இல்லாவிட்டால் 30 கோரிக்கைகள்தான் வரும், அதுவும் புதியவை முதலில். திறந்திருப்பவை 42 என்றால் விடுபடும் 12-உம் மிகப் பழையவை. எவற்றைத் தேடி இந்த நிரலை எழுதினோமோ, அவையே கண்ணில் படாமல் போகும். 200 என்று வைத்தபின் சரியாக 200 வந்தாலும் பட்டியல் வெட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று, அஞ்சல் வராத நாள். தேக்கம் இல்லையா, நிரல் பாதியில் விழுந்ததா? கிரான் எதையும் அச்சிடாத வேலைக்கு அஞ்சல் அனுப்பாது. ஆகவே தேக்கம் இல்லாத நாளிலும் '42 பார்த்தேன், தேக்கம் 0' என்று ஒரு வரி வர வேண்டும். ஜேசன் கோப்பிலும் ஓடி முடித்த நேரத்தையும் பார்த்த எண்ணிக்கையையும் எழுதிவைத்தால், காலியான பட்டியலையும் தோற்றுப்போன ஓட்டத்தையும் கருவி பிரித்தறியும்.

ஆக, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, வரிசைதான் முக்கியம். நிரல் ஒருமுறை தகவலைத் திரட்டி ஜேசனாகச் சேமிக்கட்டும். அஞ்சலை அந்தக் கோப்பிலிருந்து தயாரிக்கட்டும்: மிகப் பழையது மேலே, வரிக்கு ஒரு கோரிக்கை, தலைப்பு வரியிலேயே தேக்கத்தின் எண்ணிக்கை. அப்போது அஞ்சலின் சொற்களை யார் எப்படி மாற்றினாலும் வரைபடம் உடையாது. நால்வர் மட்டுமே படிக்கும் குழுவுக்கு வெறும் அஞ்சலே போதும். அந்த அஞ்சலை வெட்டி எடுக்க ஒருவர் நிரல் எழுத உட்காரும் நாளில், ஜேசனுக்கு மாறிவிட வேண்டும்.