தற்செயலைக் கழித்த பிறகு

இரண்டு ஆசிரியர்கள் ஒரே மதிப்பெண் வழிகாட்டியை வைத்து 50 கட்டுரைகளைத் தனித்தனியாகத் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 35 கட்டுரைகளுக்கு இருவரும் ‘தேர்ச்சி’ போடுகிறார்கள். 5 கட்டுரைகளுக்கு இருவரும் ‘தேர்ச்சியில்லை’. மீதி 10-ல், ஐந்துக்கு ஒருவர் மட்டும் தேர்ச்சி தருகிறார், ஐந்துக்கு மற்றவர் மட்டும். 80 சதவீத ஒற்றுமை! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இருவருமே 50-க்கு 40-ஐத் தேற்றிவிடும் தாராளக்காரர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய 34 கட்டுரைகளில் தற்செயலாகவே ஒத்துப்போயிருப்பார்கள். ஜேக்கப் கோஹன் 1960-ல் முன்வைத்த ‘கப்பா’ இந்த 34-ஐக் கழித்துவிடுகிறது. மிஞ்சிய 16-ல் இவர்கள் உண்மையில் ஈட்டியது 6. கப்பா 0.375, சுமார் ரகம்தான்.

காரணம் அந்த 10 கட்டுரைகளில் இருக்கும். ‘தெளிவு’ என்ற சொல்லை ஒருவர் கருத்தாகவும் மற்றவர் கையெழுத்தாகவும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.