கூடியது 3,400 அல்ல, 7,000

திண்டுக்கல்லில் மளிகைக் கடை நடத்தும் 51 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மூவருக்கும் சேர்த்து பத்து லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு. 2024 டிசம்பரில் அவர் கட்டியது 23,600 ரூபாய். அடுத்த ஆண்டு புதுப்பிப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது. குடும்பமும் தொகைகளும் இந்தக் கட்டுரைக்காக அமைத்த உதாரணம்தான். கடிதத்தின் நடை மட்டும் பாலிசி வைத்திருக்கும் யாருக்கும் பழக்கமானது:

“மருத்துவப் பணவீக்கம் மற்றும் இதர காரணிகளைக் கருத்தில் கொண்டு, தங்கள் பாலிசிக்கான பிரீமியம் திருத்தியமைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். புதுப்பித்தல் தொகை ரூ.27,000. தடையற்ற பாதுகாப்பிற்கு உரிய தேதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்குப் புதிய தொகையைத் தவிர வேறெதுவும் தெரியாது. “இதர காரணிகள்” எவை? போன வருடத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது? குறைக்க வழி உண்டா? அவர் ஏஜென்ட்டுக்கு போன் செய்கிறார். “எல்லாருக்கும் ஏறியிருக்கு சார், கட்டிடுங்க” என்று பதில் வருகிறது. மனைவியோ, “போன வருஷம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷனுக்கு கிளெய்ம் வாங்கினோமே, அதனாலதான் ஏத்திட்டாங்க” என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்.

அந்தப் பழி தேவையற்றது. தனிப்பட்ட ஒருவர் கிளெய்ம் வாங்கினார் என்பதற்காகப் புதுப்பிக்கும்போது அவருடைய பிரீமியத்தைக் கூட்டக் கூடாது என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பாலிசி புத்தகத்திலேயே இது அச்சாகியிருக்கும். கடிதத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த அம்மாள் நிம்மதியாக இருந்திருப்பார். அடுத்த முறை உடம்புக்கு முடியாமல் போனால் கிளெய்ம் கேட்கத் தயங்கவும் மாட்டார்.

சரி, 27,000 எப்படி வந்தது? மேலோட்டமாகப் பார்த்தால் 3,400 ரூபாய்தான் கூடியிருக்கிறது. நூற்றுக்குப் பதினான்கு ரூபாய் அளவு. விலைவாசி ஏறும் வேகத்தில் இது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் 2024இல் கட்டிய 23,600 ரூபாயில் 3,600 ரூபாய் ஜிஎஸ்டி. நிறுவனத்துக்குப் போனது 20,000 மட்டுமே. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் முழுவதுமாக நீக்கப்பட்டது. ஆகவே இந்த ஆண்டின் 27,000இல் வரியே கிடையாது. நிறுவனத்தின் விலை 20,000இலிருந்து 27,000 ஆகியிருக்கிறது. உயர்வு 7,000 ரூபாய், 35 சதவீதம். வரி நீங்கியதால் குடும்பத்துக்கு மிச்சமாக வேண்டிய 3,600 ரூபாய், அந்த உயர்வுக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிட்டது.

அந்த 7,000 ரூபாயும் ஒரே காரணத்தால் வந்ததல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் வயதைப் படிகளாகப் பிரித்து விலைப்பட்டியல் வைத்திருக்கின்றன. 46 முதல் 50 வரை ஒரு படி, 51 முதல் 55 வரை அடுத்த படி என்று போகும். பெரும்பாலான குடும்ப பாலிசிகளில் வீட்டில் மூத்தவரின் வயதுதான் கணக்கு. நம் கடைக்காரர் 50 வயதைத் தாண்டியதும் அடுத்த படிக்குப் போய்விட்டார். பழைய பட்டியலின்படியே அந்தப் படிக்கு 24,200 ரூபாய். இதில் கூடியது 4,200. பிறகு நிறுவனம் பட்டியலையே மாற்றியதால் 24,200 என்பது 27,000 ஆனது. இதில் கூடியது 2,800.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், இரண்டின் குணமும் வேறு. வயதுப்படியால் வரும் உயர்வு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது, முன்கூட்டியே தெரிந்தது. பாலிசி எடுத்த அன்றே ஏஜென்ட் சொல்லியிருக்க வேண்டியது. பட்டியல் மாற்றம் நிறுவனத்தின் முடிவு. அதற்கு நிறுவனம்தான் காரணம் சொல்ல வேண்டும். “மருத்துவப் பணவீக்கம்” என்பது காரணத்தின் பெயர்தானே ஒழிய விளக்கம் ஆகாது. இந்தத் திட்டத்தில் வசூலான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எத்தனை ரூபாய் கிளெய்மாகத் திரும்பிப் போனது என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. அதைச் சொன்னால் படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் காப்பு உண்டு. மூத்த குடிமக்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் முதலில் ஆணையத்தைக் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உத்தரவு வந்தது. அந்த வயதினருக்குப் போகும் கடிதத்தில் இந்த வரம்பும் இடம்பெற வேண்டும்.

இனி அதே கடிதத்தைத் திருத்தி எழுதிப் பார்ப்போம்.

“வணக்கம். டிசம்பர் 15 முதல் உங்கள் குடும்ப பாலிசியின் பிரீமியம் ரூ.27,000. சென்ற ஆண்டு வரியோடு சேர்த்து ரூ.23,600 கட்டினீர்கள். இம்முறை ரூ.3,400 கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

வரியை நீக்கிப் பார்த்தால் எங்கள் விலை ரூ.20,000இலிருந்து ரூ.27,000 ஆகியுள்ளது. நீங்கள் 51-55 வயதுப் படிக்கு வந்ததால் ரூ.4,200 கூடியது. இந்தத் திட்டத்தின் விலைப்பட்டியலை நாங்கள் உயர்த்தியதால் ரூ.2,800 கூடியது. கடந்த ஆண்டு இத்திட்டத்தில் வசூலான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 91 ரூபாய் கிளெய்மாகச் சென்றதால் பட்டியலை மாற்றினோம். உங்கள் மனைவியின் அறுவை சிகிச்சைக்கு நாங்கள் கொடுத்த தொகைக்கும் இந்த உயர்வுக்கும் தொடர்பில்லை.

பிரீமியத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஆண்டுதோறும் முதல் ரூ.25,000 ஆஸ்பத்திரிச் செலவை நீங்களே ஏற்பதாக இருந்தால் பிரீமியம் ரூ.22,400. ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதத்தை நீங்கள் ஏற்பதாக இருந்தால் ரூ.23,500. மூன்று லட்ச ரூபாய் பில் வந்தால் முதல் வழியில் உங்கள் பங்கு ரூ.25,000, இரண்டாவது வழியில் ரூ.60,000. எதையும் மாற்ற வேண்டாம் என்றால் இப்போதுள்ள பாதுகாப்பு அப்படியே தொடரும்.

டிசம்பர் 15 தவறினால் அடுத்த 30 நாட்களுக்குள் கட்டிப் புதுப்பிக்கலாம். காத்திருப்புக் காலச் சலுகைகள் போகாது. ஆனால் பணம் கட்டாத இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பாலிசி உதவாது.”

பழைய கடிதத்தைவிட இது நீளம்தான். ஆனால் படித்தவர் ஏஜென்ட்டுக்கு போன் செய்ய வேண்டியதில்லை. முதல் வரியிலேயே தொகையும் தேதியும் வந்துவிடுகின்றன. “திருத்தியமைக்கப்பட்டுள்ளது” போய் “நாங்கள் உயர்த்தினோம்” வந்திருக்கிறது. செய்தவர் யார் என்பதைத் தமிழ் வாக்கியத்தில் ஒளிப்பது எளிது. அலுவலகத் தமிழ் அந்த வசதியைத் தாராளமாகவே பயன்படுத்துகிறது.

திருத்திய கடிதத்தில் மிகவும் கவனித்து எழுத வேண்டியது, குறைக்கும் வழிகளைச் சொல்லும் பத்திதான். “டிடக்டிபிள் அல்லது கோ-பே தேர்வுசெய்து சேமியுங்கள்” என்று பல அறிவிப்புகள் ஆசை காட்டுகின்றன. சேமிப்பு எவ்வளவு என்று சொல்பவர்கள், இழப்பு எவ்வளவு என்று சொல்வதில்லை. மேலே உள்ள முதல் வழியில் ஆண்டுக்கு மிச்சமாவது 4,600 ரூபாய். ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கையிலிருந்து போவது 25,000. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத குடும்பத்துக்குத்தான் இது லாபம். அவசரத்துக்கு 25,000 ரூபாய் புரட்ட முடிகிறவருக்கு இது நியாயமான பேரம். கோ-பே அப்படியல்ல. பில் பெரிதாகப் பெரிதாக நம் பங்கும் பெரிதாகும். பெரிய செலவுக்குத்தான் காப்பீடு எடுக்கிறோம் என்னும்போது, 3,500 ரூபாய்க்காக இதற்குச் சம்மதிப்பது நல்ல முடிவு அல்ல.

இன்னொரு வழி அறை வாடகைக்கு வரம்பு வைப்பது. திருத்திய கடிதத்தில் இதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, ஏனென்றால் ஒரு வரியில் சொன்னால் ஏமாற்றிவிடும். நாளுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ளவர் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வித்தியாசமான 3,000 மட்டும்தான் தன் தலையில் விழும் என்று நினைப்பார். பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில், எட்டுக்கு ஐந்து பங்காக வெட்டப்படும். அந்தக் கட்டணங்கள் 1,20,000 என்றால் நிறுவனம் தருவது 75,000. மீதி 45,000 நம்முடையது. மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது. இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் இந்த வழியைச் சொல்ல வேண்டும். இடமில்லை என்றால் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

எந்த நிறுவனமும் தானாக எழுத விரும்பாத வழி ஒன்று உண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறுவது. போர்ட்டபிலிட்டி என்ற இந்த முறையில் பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலம் பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும் கூடவே வரும். புது நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கவும் செய்யலாம். அதனால் அங்கே சரி என்று சொல்லும்வரை இங்கே விட்டுவிடக் கூடாது. விண்ணப்பத்தைப் புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாள் முன்பே கொடுக்க வேண்டும். நம் கடைக்காரருக்கு அந்தக் கெடு அக்டோபர் 31. பிரீமியக் கடிதம் நவம்பர் நடுவில் வந்தால் அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். விலைப்பட்டியலை மாற்றினால் மூன்று மாதம் முன்பே பாலிசிதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசி ஒப்பந்தங்களில் இருப்பதால், அவருக்கு அந்தச் செய்தி செப்டம்பர் நடுவிலேயே வந்திருக்க வேண்டும். எனவே கடிதத்தைத் திறந்ததும் தொகையோடு அது எழுதப்பட்ட தேதியையும் பாருங்கள்.

விளக்கமில்லாத கடிதம் வந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் நான்கு விவரம் கேளுங்கள்: வரி நீங்கலாகச் சென்ற ஆண்டின் விலை, இந்த ஆண்டின் விலை, வயதுப் படியால் கூடியது எவ்வளவு, பட்டியல் மாற்றத்தால் கூடியது எவ்வளவு. பதில் திருப்தி தராவிட்டால் ஆணையத்தின் பீமா பரோசா சேவைக்கு 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பாலிசியின்படி கட்ட வேண்டிய பிரீமியம் பற்றிய தகராறுகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரும் விசாரிப்பார். தமிழ்நாட்டுக்கான அவருடைய அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.