கேபிட்டல் எழுத்தில் மறையும் நிபந்தனைகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரி ரசீதோ, கூரியர் சீட்டோ, கிடங்கு வாடகை ஒப்பந்தமோ எதை வாங்கினாலும், அதில் ஒரு பத்தி மட்டும் முழுக்க ஆங்கிலக் கேபிட்டல் எழுத்தில் அச்சாகியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பார்த்திருப்போம் என்றுதான் சொல்ல முடியும். படித்திருப்போம் என்று சொல்வதற்கில்லை. நம் பணத்தைத் தொடுகிற பத்தி பெரும்பாலும் அதுதான்.

அங்கே வழக்கமாக இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று பொறுப்பு வரம்பு: பொருள் தொலைந்தாலும் கெட்டாலும் இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்பது. மற்றது ஈட்டுறுதி: உங்கள் சரக்கினால் வேறு யாராவது எங்கள் மீது வழக்குப் போட்டால் அந்த நஷ்டத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 124-வது பிரிவில் சொல்லும் ஈட்டுறுதியின் வகைதான் இது.

இவற்றை ஏன் கேபிட்டலில் அடிக்கிறார்கள்? அமெரிக்க வணிகச் சட்டத்தொகுப்பு, சில பொறுப்புத் துறப்புகள் 'கண்ணில் படும்படி' இருக்க வேண்டும் என்கிறது. தட்டச்சு இயந்திரக் காலத்தில் ஒரு வரியை எடுத்துக்காட்டக் கேபிட்டலையும் அடிக்கோட்டையும் விட்டால் வேறு வழியில்லை. வக்கீல்கள் கேபிட்டலைப் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. அந்தப் படிவங்களைப் பார்த்து எழுதியவர்கள் வழியாக அது நம் ஊர் ரசீதுக்கும் வந்து சேர்ந்தது. உண்மையில் அந்தச் சட்டம் கேபிட்டலைச் சொல்வது முக்கியமாகத் தலைப்புக்கு. பத்திக்குள் இருக்கும் வாசகத்துக்குப் பெரிய அளவு, மாறுபட்ட அச்சு, நிறம், சுற்றிலும் குறியிட்டுப் பிரித்துக் காட்டுதல் ஆகிய வழிகளையும் அது தருகிறது. 2002-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்திவிட்டாலே வாசகம் எடுப்பாகிவிடும் என்று நினைக்கும் வக்கீல்களைக் கேலியாகவே கண்டித்தது.

ஒரு சொல் கேபிட்டலில் இருந்தால் கண்ணை இழுக்கும். நூறு சொற்களும் கேபிட்டலில் இருந்தால் எல்லா எழுத்தும் ஒரே உயரம். பக்கத்தில் ஒரு செங்கல் சுவர் எழுந்து நிற்கிறது. அச்செழுத்து ஆராய்ச்சியாளர் மைல்ஸ் டிங்கர் செய்த சோதனைகளில், முழுக் கேபிட்டல் வாசகத்தைப் படிக்கும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அந்த எழுத்து இடத்தையும் அதிகம் அடைக்கும். ஆகவே அச்சகத்தார் அளவைச் சுருக்கி ரசீதின் பின்பக்கம் தள்ளிவிடுகிறார். எடுத்துக்காட்ட வந்த உபாயமே ஒளித்து வைக்கும் உபாயமாகிவிட்டது.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. 'கண்ணில் படும்படி அச்சிடு' என்ற பொதுக் கட்டளை நம் ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. கையெழுத்து இருக்கிறதா, இல்லையென்றால் போதிய அறிவிப்பு கொடுத்தார்களா, நிபந்தனை நியாயமானதா என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது சென்னை உயர்நீதிமன்றத்தில் 1960-களில் வந்த 'லில்லி ஒயிட்' சலவைக் கடை வழக்கு. வெளுக்கப் போட்ட புதுப்புடவை தொலைந்துவிட்டது. தொலைந்தால் சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தது. அந்த நிபந்தனை பொதுநலனுக்கு முரணானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. பாதி விலை கொடுத்தால் போதும் என்றால், நல்ல புடவையைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளலாமே! (வேளி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். துணி மூலையில் இடும் சின்னக் குறிதான் அவர்கள் தொழிலில் பழைய ரசீது.)

இரண்டாவது, 'பாரதி நிட்டிங் கம்பெனி' வழக்கு. 1990-இல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆடைகளுக்கான ஆவண உறை கூரியரில் போய்ச் சேரவில்லை. நஷ்டம் சில லட்சம் ரூபாய். ஆனால் அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று இருந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் அந்த 100 டாலரையே உறுதி செய்தது. படித்தோமா இல்லையா என்பது அங்கே எடுபடவில்லை.

இதை வைத்துக்கொண்டு நம் பக்கத்து லாரி ரசீது ஒன்றைத் திருத்திப் பார்ப்போம். ஒரு சரக்கு: மிளகு மூட்டைகள், மதிப்பு 45,000 ரூபாய், வாடகை 600 ரூபாய். 2011-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, கூடுதல் கட்டணம் கட்டி முழுப் பொறுப்பைக் கேட்காவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப்போல் பத்து மடங்கு. அதாவது 6,000 ரூபாய். மீதி 39,000 வியாபாரி தலையில். இந்தச் செய்தி ரசீதின் பின்பக்கம் பதினோரு வரிக் கேபிட்டல் பத்தியின் நடுவில், ஈட்டுறுதிக்கும் எந்த ஊர் நீதிமன்றம் என்பதற்கும் இடையில் கிடக்கிறது.

முதல் வேலை மூன்றையும் பிரிப்பது. வரம்பு தனி, ஈட்டுறுதி தனி, நீதிமன்றம் தனி. பிறகு பொறுப்பு வரம்பை முன்பக்கத்துக்கு, கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவர வேண்டும். மற்ற வாசகம் 9 புள்ளி அளவென்றால் இது 11 புள்ளி. சுற்றிலும் ஒரு கட்டம். உள்ளே சாதாரண எழுத்து. கட்டத்துக்குள் இப்படி இருக்கலாம்:

சரக்குத் தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும்?
வாடகையின் பத்து மடங்கு வரை, அறிவித்த மதிப்புக்கு மிகாமல். இந்தச் சரக்குக்கு: ரூ. ______. முழு மதிப்பும் வேண்டுமானால் புக்கிங் செய்யும்போதே கூடுதல் கட்டணம் கட்டுங்கள். வேண்டும் / வேண்டாம். கையொப்பம்.

இங்கே கண்ணை இழுப்பது எழுத்தின் கனம் அல்ல, கேள்வியும் கோடிட்ட இடமும்தான். குமாஸ்தா அதில் 6,000 என்று எழுதும்போது இருவருக்குமே விஷயம் தெரிந்துவிடுகிறது. ஈட்டுறுதிக்கு இன்னொரு கட்டம் போடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டால் மறுபடியும் செங்கல் சுவர்தான்.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சிவப்பு மை ஜெராக்ஸில் கறுப்பாகிவிடும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கட்டமும் இடைவெளியும் நகலிலும் நிற்கும். கம்ப்யூட்டரிலிருந்து வெறும் எழுத்தாக அனுப்பினால் தடித்த அச்சு காணாமல் போகும். அப்போது தலைப்பு வரியும் வெற்று வரியும்தான் துணை. தமிழிலும் மலையாளத்திலும் கேபிட்டல் என்பதே கிடையாது. நாமோ அதற்கு ஈடாக முழுப் பத்தியையும் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறோம். சிறிய அளவில் தடித்த எழுத்து வந்தால் ண, ஞ முதலியவற்றின் சுழிகள் மையில் அடைந்துவிடும். தலைப்பை மட்டும் தடிப்பாக்கி, வாசகத்தை அளவால் உயர்த்துவதே நம் லிபிக்கு ஏற்றது.

சரியாக வந்ததா என்று பார்க்க, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ரசீதைக் கொடுத்து, "மூட்டை தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேளுங்கள். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரானால் கட்டம் இருக்கும் இடம் தவறு. இடத்தைக் கண்டும் தொகையைச் சொல்ல முடியவில்லை என்றால் வாசகம் தவறு.

எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் அநியாயமான நிபந்தனை நியாயமாகிவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளை நுகர்வோர் முறையிட்டு ரத்துச் செய்ய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே உண்டு. எனவே அப்படிப்பட்ட புகார் எறணாகுளத்தில் அல்ல, திருவனந்தபுரத்தில் தொடங்கும். சொந்த உபயோகத்துக்கு அனுப்பியவருக்கே இந்த வழி எளிது. வியாபாரச் சரக்கு என்றால் அவர் நுகர்வோர்தானா என்ற கேள்வி முதலில் எழும்.